ஓடிக்கொண்டே இருக்கும் குழந்தையை போனில் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் எடுத்தால் சோபா, சுவர் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, குழந்தை மட்டும் கலங்கலாக வருகிறது. கேமரா கெட்டுப்போய்விட்டதா?

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. வெளிச்சம் போதாத இடத்தில் போன் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அந்த நேரத்துக்குள் குழந்தை நகர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒன்றரை வயதுக் குழந்தை கையை வீசினால் அந்தக் கை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் என்று வையுங்கள். ஷட்டர் 1/25 நொடி திறந்திருந்தால் அதற்குள் கை 4 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது அந்தச் சின்ன உள்ளங்கையின் அகலம் அளவுக்கு. படத்தில் கை இருக்க வேண்டிய இடத்தில் புகைபோல ஒன்று தெரிவது இதனால்தான். அதே கையை 1/250 நொடியில் எடுத்தால் 4 மில்லிமீட்டர்தான் நகரும். முழுப் படத்தில் அது கண்ணுக்குப் படாது.

போன் கேமராவில் லென்ஸின் திறப்பு பெரும்பாலும் மாறாது. ஆகவே போன் மாற்றக்கூடியவை இரண்டுதான்: ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, சென்சார் எவ்வளவு உணர்திறனோடு வேலை செய்கிறது. இரண்டாவதைத்தான் ஐ.எஸ்.ஓ. என்கிறோம். அதைக் கூட்டினால் படத்தில் புள்ளிகள் வரும். புள்ளி வரக்கூடாது என்று நினைத்து போன் ஷட்டரை மெதுவாக்குகிறது. சாப்பாட்டுத் தட்டையும் கோயில் கோபுரத்தையும் எடுக்க அது சரியான முடிவு, நம் வீட்டு வாலுக்குத் தவறான முடிவு. கீழே வரும் பதில்கள் எல்லாம் போனின் இந்த முடிவை எப்படி மாற்றுவது என்பதைப் பற்றியவையே.

ஷட்டர் வேகம் எவ்வளவு என்று எங்கே பார்ப்பது? எவ்வளவு இருந்தால் போதும்?

எடுத்த படத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளுங்கள். ஐபோனிலும், சாம்சங் கேலரியிலும், கூகுள் போட்டோஸிலும் படத்தின் விவரம் வரும். அதில் 1/33 அல்லது 1/120 என்று ஒரு பின்னம் இருக்கும், அதுதான் ஷட்டர் வேகம். பக்கத்திலேயே ISO 640 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்த விவரம் இருக்காது, நீங்களே எடுத்த மூலப் படத்தில் பாருங்கள்.

மடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கு 1/100 போதும். தவழ்வது, கைதட்டுவது, சோறு வேண்டாம் என்று தலையை ஆட்டுவது போன்றவற்றுக்கு 1/250. ஓட்டம், குதிப்பு என்றால் 1/500. இவை நான் வைத்துக்கொண்டிருக்கும் எண்கள். நேராக உங்களை நோக்கி ஓடிவரும் குழந்தைக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஒப்பேறிவிடும், குறுக்கே ஓடும் குழந்தைக்கு ஒப்பேறாது. பக்கத்தில் போய் எடுத்தால் கலங்கல் பெரிதாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு வாரம் இந்தப் பின்னத்தைப் பார்க்கும் பழக்கம் வந்தால், உங்கள் வீட்டில் எந்த மூலையில் எந்த நேரத்தில் என்ன வேகம் கிடைக்கும் என்பது மனதில் பதிந்துவிடும்.

சில படம் மொத்தமும் ஆடியதுபோல் இருக்கிறது, சிலதில் முகம் மட்டும் மெழுகுபோல் இருக்கிறது. எல்லாமே ஷட்டர் பிரச்சினைதானா?

இல்லை. கலங்கலில் பல ரகம் உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே எது என்று சொல்லிவிடலாம்.

பின்னால் இருக்கும் காலண்டர் எழுத்து தெளிவாக இருந்து குழந்தை மட்டும் இழுபட்டிருந்தால், அது குழந்தையின் அசைவு. காலண்டரும் குழந்தையும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. இந்த இரண்டுக்குமே ஷட்டரைத்தான் வேகப்படுத்த வேண்டும். காலண்டர் தெளிவாகவும் குழந்தை மொழுமொழுவென்றும் இருந்து, இழுபட்ட தடமே இல்லாவிட்டால் ஃபோகஸ் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். முகம் மெழுகுபோல், தலைமுடி தூரிகையால் தீட்டியதுபோல் இருந்தால் ஐ.எஸ்.ஓ. மிக அதிகமாகி, வந்த புள்ளிகளை போன் அழித்திருக்கிறது. பியூட்டி ஃபில்டர் போட்டிருந்தாலும் அப்படித்தான் ஆகும். குழந்தை முகத்துக்கு அது எதற்கு, அணைத்துவிடுங்கள்.

இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். படம் முழுக்கப் பனி மூட்டமாக, பல்பைச் சுற்றி ஒளி கசிந்து இருந்தால் லென்ஸில் எண்ணெய் இருக்கிறது. என் மகள் போனைக் கையில் வாங்கினால் முதலில் தொடுவது அந்த மூன்று வட்டங்களைத்தான், அதுவும் நெய்ச்சோறு சாப்பிட்ட கையோடு. பழைய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள்.

ஆட்டோவிலேயே விடலாமா, புரோ மோடுக்குப் போக வேண்டுமா?

வெளியில் பகல் வெளிச்சத்தில் ஆட்டோவே போதும். மாலை நான்கு மணிக்கு மொட்டை மாடியில் எடுத்துப் பாருங்கள், போன் தானாகவே 1/500க்கு மேல் போயிருக்கும். தொல்லையெல்லாம் வீட்டுக்குள்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஹாலில் ஒரே ஒரு டியூப்லைட். மாலை ஆறரை மணி. மகள் பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி, தட்டிவிட்டு, கைதட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் எடுத்த படத்தின் விவரம் 1/25, ISO 640. டப்பாக்கள் அருமையாக விழுந்திருந்தன, அவளுக்குக் கையே இல்லை.

ஷட்டரையும் ISOவையும் நாமே வைக்கக்கூடிய புரோ மோடுக்குப் போய், S அல்லது SPEED என்று இருப்பதைத் தொட்டு 1/100 வைத்தேன். ISO ஆட்டோவிலேயே இருந்தது. ஷட்டர் நேரம் கால்வாசியானதால் அதே வெளிச்சத்துக்கு ISO நான்கு மடங்காக, ஏறக்குறைய 2500க்குப் போனது. படத்தில் புள்ளிகள் இருந்தன, ஆனால் முகம் தெளிவு, கையில் லேசான அசைவு. வைத்துக்கொள்ளத் தக்க படம். ஆசை விடவில்லை, 1/200 வைத்தேன். கணக்குப்படி ISO 5000க்கு மேல் வேண்டும். என் போனில் அவ்வளவு ஏறாததால் படம் இருட்டடித்துவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே டப்பாக்களை ஜன்னலுக்குப் பக்கத்தில், வெயில் நேரடியாக விழாத இடத்தில் பரப்பினேன். டப்பா போன இடத்துக்கு அவளும் வந்துவிட்டாள். 1/200 வைத்தபோது ISO வெறும் 320. அதாவது முந்தைய மாலையைவிட அங்கே 16 மடங்கு வெளிச்சம். நம் கண் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை, கேமராவுக்குத் தெரிகிறது. குழந்தையை நகர்த்த முடியாது, பொம்மையை நகர்த்தலாம். எந்த மோடை மாற்றினாலும் கிடைக்காத பலன் இதில் கிடைக்கும்.

புரோ மோடில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் வைத்த ஷட்டர் வேகம் அப்படியே நிற்கும். ஜன்னலில் 1/250 வைத்துவிட்டு சமையலறைக்குள் குழந்தையைத் துரத்திக்கொண்டு போனால் அங்கே படம் கறுப்பாக வரும். எடுத்து முடித்ததும் ஆட்டோவுக்குத் திரும்பிவிடுங்கள்.

புரோ மோடில் வேகத்தைக் கூட்டினதும் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக வருகிறது. ஏன்?

விளக்குதான் காரணம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய சோக் போட்ட டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. போன் சென்சார் படத்தை ஒரே நொடிப்பொழுதில் முழுதாக எடுக்காமல் வரிவரியாகப் படிக்கிறது. ஷட்டர் மிக வேகமாக இருந்தால் சில வரிகள் விளக்கு மங்கும் நேரத்தில் மாட்டிக்கொள்கின்றன.

1/100 வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழு மினுக்கல் கிடைத்துவிடும், பட்டை மறைந்துவிடும். 1/50க்கும் அப்படியே. அதனால்தான் இரவில் விளக்கு வெளிச்சத்தில் நான் 1/100க்கு மேல் போவதில்லை. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டனிலும் இதே 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 60 என்பதால் அங்கே 1/120 அல்லது 1/60 வையுங்கள். மினுக்காத நல்ல எல்.இ.டி. பல்பும் உண்டு. உங்கள் வீட்டு பல்பைச் சோதிக்க 1/500 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள், பட்டை இல்லாவிட்டால் கவலை இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் இந்தத் தொல்லையே கிடையாது.

ஐபோனில் புரோ மோடே இல்லையே?

போனோடு வரும் கேமராவில் ஷட்டர் வேகத்தை நாமே வைக்க வழி இல்லைதான். தனி ஆப் போட்டால் வைக்கலாம். ஆனால் ஓடும் குழந்தையை வைத்துக்கொண்டு வேறு ஆப் தேடித் திறப்பதற்குள் காட்சி முடிந்துவிடும். நான் ஐபோன்காரர்களுக்குச் சொல்வது மூன்று.

முதலில் நைட் மோடை அணையுங்கள். மேலே மஞ்சள் நிறத்தில் நொடிக் கணக்கோடு ஒரு குறி வந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். அணைத்தாலும் அடுத்த தடவை திரும்ப வந்து நிற்கும். Settings > Camera > Preserve Settings உள்ளே Night Mode என்பதை இயக்கிவிட்டால் நீங்கள் அணைத்தது அணைத்தபடியே இருக்கும்.

இரண்டாவது, முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். படம் சற்று இருட்டாகும், ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் குறைய வாய்ப்பு உண்டு. எப்போதும் குறையாது, விவரத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இருட்டான படத்தைப் பிறகு வெளிச்சமாக்கலாம், இழுபட்ட கையை ஒட்ட முடியாது.

மூன்றாவது லைவ் போட்டோ. பட்டனைத் தொடுவதற்கு ஒன்றரை நொடி முன்னும் பின்னும் சேர்த்துப் பதிவாகும். சிரித்த கணம் தவறிப்போனால் Edit போய் வேறு ஃபிரேமைத் தேர்ந்து Make Key Photo கொடுக்கலாம். அந்த ஃபிரேம் அசல் படத்தின் தரத்துக்கு இருக்காது. ஆல்பத்தில் பெரிதாகப் போட முடியாவிட்டாலும் பாட்டிக்கு அனுப்பப் போதும்.

போர்ட்ரெய்ட்டில்தான் அழகாக இருக்கிறது, ஆனால் படம் விழுவதற்குள் குழந்தை போய்விடுகிறது. என்ன செய்ய?

விட்டுவிடுங்கள். போர்ட்ரெய்ட்டில் போன் முதலில் தூரத்தை அளக்க வேண்டும், முகத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க வேண்டும். குழந்தை அசைந்தால் பிரிக்கும் கோடு தப்பிப்போய், பறக்கும் முடியையும் நீட்டிய விரலையும் பின்னணியோடு சேர்த்து மங்கலாக்கிவிடும். ஐபோன் 15 முதல் சாதாரண போட்டோ மோடில் மனிதர்களை எடுத்தாலும் தூர விவரம் சேர்ந்தே பதிவாவதால், பிறகு போர்ட்ரெய்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் குழந்தைக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் நடுவே நான்கைந்து அடி இடைவெளி விட்டு, பக்கத்தில் போய் எடுத்தால் ஓரளவு அந்த மென்மை தானாகவே வரும்.

50, 108, 200 மெகாபிக்சல் மோடும் இதே கதைதான். ஒரு படத்தைச் சேமிக்கவே நேரம் எடுக்கும். சாதாரண மோடில் போன் பல பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கி வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறது. நமக்கு அதுதான் தேவை.

ஐபோனில் இருக்கும் ஆக்‌ஷன் மோட் பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அது வீடியோவில் உங்கள் கை ஆடுவதைச் சரிசெய்வது, குழந்தையின் அசைவை நிறுத்தாது. பிக்சலின் ஆக்‌ஷன் பேன் வேண்டுமென்றே பின்னணியை இழுபட வைப்பது. பெயர்தான் ஆக்‌ஷன், வேலை வேறு.

தொடர்ச்சியாகப் பல படம் எடுப்பது எப்படி? எவ்வளவு நேரம் அழுத்துவது?

பல ஆண்ட்ராய்டு போன்களில் பட்டனை அழுத்திப் பிடித்தாலே பர்ஸ்ட் போகும். சாம்சங்கில் பட்டனை ஓரமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். கேமரா செட்டிங்கில் Swipe Shutter button to என்பதில் Take burst shot தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன் 11 முதல் பட்டனை இடப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும், சும்மா அழுத்திப் பிடித்தால் வீடியோ ஓட ஆரம்பித்துவிடும். Settings > Camera > Use Volume Up for Burst போட்டுவிட்டால் வால்யூம் பட்டனே போதும், ஒரு கையில் கிண்ணம் இருக்கும்போது இதுதான் எளிது.

பர்ஸ்ட் ஷட்டரை வேகப்படுத்தாது. 1/25ல் பத்து படம் எடுத்தால் பத்தும் கலங்கல்தான். வெளிச்சம் சரியான பிறகு, கண் மூடாத, வாய் கோணாத ஒன்றைப் பிடிக்கத்தான் பர்ஸ்ட். ஒரு நொடி, மிஞ்சினால் ஒன்றரை நொடி போதும். அன்று இரவே உட்கார்ந்து ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுங்கள். அழிக்காமல் விட்டு, மாதக் கடைசியில் "இடம் இல்லை" என்று போன் கத்தியபோது நான் ஒரே டப்பா விளையாட்டின் 340 படங்களோடு உட்கார்ந்திருந்தேன்.

ஓடும்போது எந்த நொடியில் தட்டுவது? ஃபோகஸும் பின்னாலேயே போய்விடுகிறது.

எவ்வளவு துறுதுறுப்பான குழந்தையும் இடையிடையே நிற்கும். ஊஞ்சல்தான் நல்ல உதாரணம். நடுவில் வரும்போது வேகம் உச்சத்தில் இருக்கும். முன்னால் வந்து திரும்பும் அந்த இடத்தில் ஒரு கணம் வேகமே இருக்காது, முகமும் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே 1/125கூடப் போதும். குதிக்கும்போது உச்சியில், ஓடும்போது திரும்பும் முனையில் அதே கணம் கிடைக்கும். வீட்டுக்குள் என்றால் குக்கர் விசில். எங்கள் வீட்டில் விசில் அடித்ததும் மகள் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டுச் சமையலறைப் பக்கம் கண்ணை விரித்துப் பார்ப்பாள். இரண்டாவது விசிலுக்கு நான் தயாராக இருப்பேன்.

ஊஞ்சல் திரும்பும் இடமும், ஓடிவரும் நிலைப்படியும் முன்கூட்டியே தெரியும் என்பதால் அங்கே ஃபோகஸைப் பூட்டி வைக்கலாம். அந்த இடத்தில் யாராவது நிற்கும்போது திரையை அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும், ஐபோனில் AE/AF LOCK என்று வரும். குழந்தை அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் தட்டுங்கள். மற்றபடி கண்டபடி ஓடும் குழந்தைக்குப் பூட்டவே கூடாது, முகத்தைத் தேடும் வேலையை போனிடமே விடுங்கள். 1x லென்ஸிலேயே இருங்கள். பெரும்பாலான போன்களில் அதிக வெளிச்சம் வாங்குவதும் வேகமாக ஃபோகஸ் செய்வதும் அந்த முதன்மை லென்ஸ்தான்.

முதல் பிறந்தநாள் கேக் வெட்டும்போது விளக்கை அணைத்துவிடுகிறார்கள். ஃபிளாஷ் போடலாமா?

போன் ஃபிளாஷ் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்குதான். பெரிய கேமராவின் ஃபிளாஷ்போல மின்னலாய் வெட்டி அசைவை நிறுத்தாது, அதிக தூரம் எட்டவும் எட்டாது. குழந்தை மிரண்டு கண்ணை மூடிக்கொள்வதுதான் மிச்சம்.

விளக்கை அணைக்க வேண்டாம் என்று முன்பே வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் யாராவது முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. மேசையை ஹாலின் நடுவில் போடாமல் டியூப்லைட் முகத்தில் விழும் சுவரோரமாகப் போடுங்கள், 1/100 வையுங்கள். கலர் சீரியல் செட்டைக் குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள், அதன் மினுக்கல் பட்டையாக விழும்.

பேசாமல் வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டால் என்ன?

பகலில் தாராளமாகச் செய்யலாம். 4கே வீடியோவின் ஒரு ஃபிரேம் 3840 x 2160, ஏறக்குறைய 8 மெகாபிக்சல். அஞ்சல் அட்டை அளவுக்கு நன்றாகப் பிரிண்ட் போடலாம். ஃபுல் ஹெச்.டி. என்றால் 2 மெகாபிக்சல்தான், வேண்டாம். மங்கலான இடத்தில் 30 ஃபிரேம் வீடியோவில் ஷட்டர் 1/30 வரை மெதுவாகிவிடும், நிறுத்திப் பார்த்தால் அதே புகைக் கை. 60 ஃபிரேம் வைத்தால் 1/60க்குக் கீழே இறங்க முடியாது, கொஞ்சம் தேறும்.

போனில் தெளிவாக இருக்கிறது, ஊருக்கு அனுப்பினால் மங்கலாகத் தெரிகிறது என்கிறார்கள்.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. அனுப்புமுன் மேலே இருக்கும் HD குறியைத் தொடுங்கள். பிரிண்ட் போடுவதற்கு என்றால் படத்தை டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும்.